ஜெர்மனிக்காரர் போட்ட ஆச்சரியக்குறியும் நாம் போட்ட ஆச்சரியக்குறியும்

*வணக்கம் மேடம். ஈத்தாமொழி பக்கம் கோகோ பீட் கட்டி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். ஜெர்மனி பையர் ஒருவர் பாக்கி 70 சதவீதத்தை அனுப்பாமல் இழுத்துக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னபடி எல்லாவற்றையும் கேப்பிடல் எழுத்தில், ஆச்சரியக்குறி போட்டு மெயில் அனுப்பினேன் (இணைத்திருக்கிறேன்). நான்கு நாள் பதிலே இல்லை. அப்புறம், "வங்கி விவரத்தை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு அனுப்புங்கள். இந்தத் தொனியில் எழுத வேண்டாம்" என்று இரண்டே வரி வந்தது. ஆனால் அதே ஆள் அதற்கு முந்தின வாரம், "பைட்டோ சர்ட்டிபிகேட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்!" என்று எனக்கு எழுதியிருந்தார். அவர் போட்டால் சரி, நாங்கள் போட்டால் தப்பா? அமெரிக்கர்கள் வரிக்கு வரி போடுகிறார்களே? இப்போது ஜப்பானிலிருந்து ஒரு விசாரணை வந்திருக்கிறது. மரியாதைக்கு 🙏 போடலாமா?*
*— ஒரு வாசகர், ஈத்தாமொழி*

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஜெர்மனிக்காரர் உங்கள் மேல் கோபப்பட்டு ஆச்சரியக்குறி போடவில்லை. ஜெர்மன் மொழியில், "செய்யுங்கள்", "அனுப்புங்கள்" என்று அழுத்திக் கேட்கும் வாக்கியத்தின் முடிவில் ஆச்சரியக்குறி போடுவது இலக்கண வழக்கம். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு காலத்தில் கடிதத்தின் தொடக்க விளிக்குப் பின்னும் அவர்கள் ஆச்சரியக்குறிதான் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் கமா போடுகிறார்கள். வயதானவர்கள் எழுதும் கடிதங்களில் பழையதை இன்னமும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்தக் கைப்பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. அவர் உங்களுக்கு எழுதியது மரியாதையான வேண்டுகோள்தான். அதை நாம் ஆங்கிலம் படித்த கண்ணோடு பார்ப்பதால் அதட்டலாகத் தெரிகிறது.

ரஷ்யாவிலிருந்து மெயில் வந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி, பெயரை எழுதி, ஆச்சரியக்குறி போட்டுத்தான் அவர்கள் முறையான கடிதத்தையே ஆரம்பிப்பார்கள். ஸ்வீடன்காரர்கள் வணக்கம் சொல்லும் வார்த்தைக்குப் பின் சாதாரணமாகவே ஒன்று போடுவார்கள். இவர்களில் யாரும் கத்தவில்லை. அவரவர் மொழியில் அந்தக் குறி உட்காரும் இடம் அது.

அப்படியானால் உங்கள் மெயில் ஏன் அவருக்கு உறுத்தியது? ஒரு வேண்டுகோளுக்கு ஒரு ஆச்சரியக்குறி என்றால் அவருக்கு அதில் ஒன்றும் தோன்றாது. ஒரே இடத்தில் மூன்று சேர்ந்து நிற்பதற்கு அவர் மொழியிலும் இடமில்லை, ஆங்கிலத்திலும் இல்லை. அதோடு மெயில் முழுவதும் கேப்பிடல். நீங்கள் அனுப்பியதை மற்ற வாசகர்களும் பார்க்கட்டும்:

```
Subject: URGENT!!! BALANCE PAYMENT PENDING!!!

DEAR SIR,
KINDLY RELEASE OUR BALANCE PAYMENT IMMEDIATELY!!!
BANK DETAILS ATTACHED. REPLY TODAY ITSELF!!!
```

இதை எழுதும்போது உங்களுக்குக் கத்துகிற உணர்வே இருந்திருக்காது. அதற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற வேறுபாடே கிடையாது. மலையாளம், இந்தி, அரபி, ஜப்பானிய எழுத்துகளிலும் இல்லை. அந்த வேறுபாடு இல்லாத எழுத்தைப் படித்து வளர்ந்த கண்ணுக்குக் கேப்பிடல் என்பது ஆங்கிலத்தின் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். அதில் ஒரு சத்தம் இருக்கிறது என்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. லத்தீன் எழுத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் படித்த கணத்திலேயே கேட்டுவிடும்.

இரண்டாவது காரணம் உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது. கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கை, அதாவது பி.எல்.ஐ, எடுத்துப் பாருங்கள். கப்பல் பெயர், துறைமுகம், சரக்கு விவரம் எல்லாம் கேப்பிடலில் இருக்கும். வங்கியிலிருந்து வரும் பண உத்தரவாதக் கடிதமான எல்சியும் பெரும்பாலும் அப்படித்தான். மெயிலுக்கு முன்பு செய்தி அனுப்பப் பயன்பட்ட டெலக்ஸ் எந்திரத்துக்கு ஒரே வகை எழுத்துதான் தெரியும், பெரியது சிறியது என்று பிரித்து அனுப்ப முடியாது. டெலக்ஸ் எந்திரம் போய்விட்டாலும் கப்பல் ஆவணங்களில் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரிஜினல் பி.எல். இல்லாமல் சரக்கை விடச் சொல்வதை நாம் இன்றும் "டெலக்ஸ் ரிலீஸ்" என்றுதானே சொல்கிறோம். நாள் முழுக்க இந்தக் காகிதங்களோடு இருப்பவர் மெயிலையும் கேப்பிடலில் அடிப்பது இயல்பு. நாகர்கோவில், தூத்துக்குடி அலுவலகங்களிலிருந்து என்னிடம் திருத்த வரும் மெயில்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எழுதியவர்கள் எல்லோருமே பணிவானவர்கள்.

ஆனால் மெயிலுக்கு வேறு மரபு உருவாகிவிட்டது. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற வழிகாட்டியிலேயே, முழுக்கக் கேப்பிடலில் எழுதினால் கத்துவது போலத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் கேப்பிடலிலேயே அச்சிட்டும் காட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் ஒரு கணக்காளரை, கேப்பிடல் எழுத்தும் சிவப்பு எழுத்தும் தடித்த எழுத்துமாக மெயில் போட்டு சக ஊழியர்களைச் சங்கடப்படுத்துகிறார் என்று 2007இல் வேலையை விட்டே நீக்கினார்கள். நீக்கியது முறையல்ல என்று பிறகு தீர்ப்பு வந்து, அவருக்கு 17,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு கிடைத்தது. வேலையைவிட்டு அனுப்பும் அளவுக்குக் குற்றம் இல்லை என்றாலும், படிக்கிறவர்களை அது எவ்வளவு தூரம் தொந்தரவு செய்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆவணத்தில் கேப்பிடல் இருக்கட்டும், அதை மாற்றப் போக வேண்டாம். மெயிலுக்குள்ளும் கன்டெய்னர் எண், எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற குறியீடுகள் கேப்பிடலில்தான் வர வேண்டும். நீங்கள் பேசுகிற வாக்கியம் மட்டும் சாதாரண எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடத்துக்கு வருகிறேன். நான்கு நாள் மௌனமும், "லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு அனுப்புங்கள்" என்ற கேள்வியும். நீங்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. வெளிநாட்டு வியாபாரத்தில் நடக்கும் ஒரு மோசடி உங்களுக்கும் தெரிந்திருக்கும். விற்பவரின் மெயில் கணக்குக்குள் யாராவது நுழைந்து, அல்லது அதே மாதிரி ஒரு முகவரியை உருவாக்கி, "பாக்கியை உடனே அனுப்புங்கள், வங்கி விவரம் இணைப்பில்" என்று பையருக்கு எழுதுவார்கள். பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். அதனால் ஐரோப்பிய நிறுவனங்கள் தங்கள் கணக்குப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கின்றன. திடீர் அவசரம், மிரட்டும் தொனி, இன்றே செய் என்ற கெடு, இணைப்பில் வங்கி விவரம், இவை சேர்ந்து வந்தால் பணம் அனுப்பாதே, வேறு வழியில் விசாரி என்பது அந்தப் பயிற்சி. உங்கள் நான்கு வரியில் அத்தனையும் இருக்கிறது. அவர் லெட்டர்ஹெட் கேட்டது இந்தச் சந்தேகத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பணம் தர மனமில்லாதவர் வங்கி விவரத்தைச் சரிபார்க்க மாட்டார், தரம் சரியில்லை, எடை குறைகிறது என்று வேறு காரணம் சொல்லுவார்.

இன்னொன்றும் உண்டு. ஸ்பேம் வடிகட்டிகளில் சிலவற்றில், சப்ஜெக்ட் வரி முழுக்கக் கேப்பிடலில் இருந்தால் சந்தேக மதிப்பெண் கூட்டும் விதி இருக்கிறது. ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருளில் அந்த விதிக்கு SUBJ_ALL_CAPS என்றே பெயர். அந்த ஒன்றினாலேயே மெயில் குப்பைக்குப் போய்விடாது. ஆனால் மற்ற சந்தேகங்களோடு சேர்ந்தால் எல்லையைத் தாண்டக்கூடும். ஆக, அவசரத்தைக் காட்டப் போட்டதே அவசரத்தைக் கெடுத்துவிட்டது.

சரி, அவசரம் உண்மையிலேயே இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? முதலாளியின் கவலையும் அதுதான், "சாதாரணமாக எழுதினால் கண்டுக்கவே மாட்டான்" என்பது. அவசரத்தைத் தேதியில் வையுங்கள். உங்களுடையது கோகோ பீட், பி.எல். நகல் பார்த்ததும் 70 சதவீதம் என்பது ஒப்பந்தம். பணம் வந்தபின்தான் ஒரிஜினலை அனுப்புவீர்கள். ஒரிஜினல் கையில் இல்லாமல் அவர் சரக்கை எடுக்க முடியாது. கப்பல் வந்து சேர்ந்து, இலவச நாட்கள் முடிந்தும் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தால் வாடகை அவர் தலையில் ஏறும். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். கப்பல் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கூரியருக்கும் வங்கிக்கும் வேண்டிய நாட்களைக் கழித்து, பணம் வர வேண்டிய நாளை நீங்களே அவருக்கு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஹாம்பர்க்கில் மே 18 கப்பல், பாக்கி 4,200 யூரோ என்று வைத்துக்கொண்டால் நான் இப்படி எழுதுவேன்:

```
Subject: Invoice 117: balance EUR 4,200, due 8 May

Dear Mr. Weber,

The vessel is due in Hamburg on 18 May. For the original
bill of lading to reach you before then, we need the balance
of EUR 4,200 in our account by 8 May.

Our bank details have not changed. They are as printed on
the proforma invoice of 12 March.

Could you please tell me the transfer date?
```

சப்ஜெக்டைப் பாருங்கள். இன்வாய்ஸ் எண், தொகை, தேதி. கணக்குப் பிரிவில் இருப்பவர் மெயிலைத் திறக்காமலே எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். முதல் பத்தியில் கெடுவும் இருக்கிறது, கெடுவுக்கான காரணமும் இருக்கிறது, காரணம் அவருடைய நன்மையில் இருக்கிறது. இரண்டாவது பத்திதான் மோசடிப் பயத்தைத் தீர்ப்பது. வங்கி விவரத்தைப் புதிதாக இணைக்காமல், ஏற்கெனவே அவரிடம் இருக்கும் காகிதத்தைச் சுட்டிக்காட்டுகிறோம். கடைசியில் ஒரே கேள்வி, அதுவும் ஒரு தேதியைச் சொன்னால் முடிந்துவிடுகிற கேள்வி. ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. ஆனாலும் நீங்கள் அனுப்பியதைவிட இது கண்டிப்பானது. 8ஆம் தேதி தாண்டிவிட்டால் மறுநாள் போன் செய்யுங்கள். பேசவேண்டிய கட்டத்தில் இரண்டாவது மெயிலில் சத்தத்தைக் கூட்டுவதைவிட அது பலன் தரும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுத வேண்டாம். கையெழுத்திட்ட லெட்டர்ஹெட்டை இன்றே அனுப்புங்கள். "நீங்கள் சரிபார்க்கக் கேட்டது நல்லது, எங்கள் அலுவலக எண்ணில் கூப்பிட்டும் உறுதி செய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி சேருங்கள். அவர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்கர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் நன்றி சொல்லி ஒரு ஆச்சரியக்குறி போடுவது புன்னகைக்குச் சமம். அங்கே பலருக்கு, நன்றி சொல்லி வெறும் முற்றுப்புள்ளி வைத்தால் ஏதோ வருத்தத்தில் இருக்கிறார் போலத் தோன்றும். ஆகவே அமெரிக்க பையருக்கு நன்றியிலோ வாழ்த்திலோ ஒன்று போடலாம், ஒரு மெயிலுக்கு ஒன்று போதும். பணம், தரக்குறைவு, தாமதம் பற்றிய வாக்கியத்தில் மட்டும் அமெரிக்கருக்கும் போடாதீர்கள். நல்ல செய்தியில் புன்னகையாகப் படிக்கப்படும் அதே குறி, புகாரில் வந்தால் விரலை நீட்டுவதாகப் படிக்கப்படும். இங்கிலாந்துக்காரர்கள் இதில் இன்னும் அளவாக இருப்பார்கள்.

எல்லாக் கேப்பிடலும் கத்தல் இல்லை என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்குக் கைகொடுக்கும். பிரெஞ்சுக்காரர்களின் கையெழுத்துப் பகுதியில் பெயரின் ஒரு பாதி மட்டும் கேப்பிடலில் இருக்கும். அது குடும்பப் பெயர். ஜப்பானிலும் அந்த வழக்கம் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் ஜப்பானிய அரசு ஆவணங்களில் ரோமன் எழுத்தில் பெயரை எழுதும்போது குடும்பப் பெயரை முதலில் வைப்பது, குழப்பம் வராமலிருக்க அதைக் கேப்பிடலில் எழுதுவது என்று முறைப்படுத்தினார்கள். நம் ஊரில் இனிஷியலும் பெயரும் என்று பழகியவர்களுக்கு, எதைச் சொல்லி விளிப்பது என்ற சந்தேகம் எப்போதும் வரும். கேப்பிடலில் இருக்கும் பாதியைச் சொல்லி விளித்தால் போதும்.

இமோஜிக்கு வருவோம். 🙏 நமக்கு வணக்கமும் நன்றியும். ஜப்பானியர்களுக்கு அது தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும் என்று மூன்றுமாக இருக்கும், எதிர்மறையாக ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் சிலர் அதைப் பிரார்த்தனையாகப் பார்ப்பார்கள். பாக்கி கேட்கும் மெயிலில் அது வந்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும். ஆனால் ஜப்பானுக்கு நீங்கள் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் பொருள் அல்ல. இமோஜி வளர்ந்த நாடே அதுதான். ஆனாலும் அங்கே அது நண்பர்களின் குறுஞ்செய்திக்கு உரியது, முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு எழுதும் முதல் வணிக மெயிலில் அதற்கு இடமில்லை. இது ஜப்பானுக்கு மட்டும் உரியதும் அல்ல. 29 நாடுகளைச் சேர்ந்த 549 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். முறையான வேலை மெயிலில் ஸ்மைலி வந்தபோது, எழுதியவர் அன்பானவர் என்ற எண்ணம் கூடவில்லை, திறமையானவர் என்ற எண்ணம் குறைந்தது. நேரில் சிரிப்பது தரும் பலனை ஸ்மைலி தரவில்லை. அறிமுகமில்லாத ஒருவரின் முதல் மெயிலில் நாம் சம்பாதிக்க வேண்டியது அந்தத் திறமை என்ற எண்ணத்தைத்தான்.

பழகிய பையர் அவரே ஸ்மைலி போட்டு எழுதினால் நீங்களும் ஒன்று திருப்பிப் போடலாம். அவர் போட்டதைவிடக் கூட வேண்டாம். மெயிலில் தனியாக ஒரு J நின்றால் குழம்பாதீர்கள். அவுட்லுக்கில் ஸ்மைலி அடித்தால் அது விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் J ஆக மாறும். அந்த எழுத்துரு வராத இடத்தில் வெறும் J ஆகத் தெரியும். அவர் சிரித்திருக்கிறார், அவ்வளவுதான். ரஷ்யர்களின் மெயிலில் வரியின் முடிவில் தனியாக ஒரு பிறை அடைப்பு ) நின்றாலும் அது சிரிப்புதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விடக்கூடாதது, 👍. கனடாவில் ஒரு தானிய நிறுவனம் ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதி செய்யுங்கள் என்று ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் 👍 மட்டும் அனுப்பினார். பிறகு விலை ஏறியது, விதை வரவில்லை. "ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்றார் விவசாயி. இதற்கு முந்தைய ஒப்பந்தங்களையும் அவர் இப்படியே ஓரிரு வார்த்தையில் உறுதி செய்து, சரக்கும் கொடுத்திருந்தார். அதை வைத்து, கட்டை விரலும் கையெழுத்துதான் என்று 2023இல் நீதிமன்றம் சொன்னது. 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். 2024இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு உறுதியானது. நம் பக்கம் புரொஃபார்மா இன்வாய்ஸும், உப்புத்தன்மையைக் காட்டும் ஈ.சி. அளவு போட்ட லேப் ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில்தான் போய்வருகின்றன. பையர் விலைக்குறைப்புக் கேட்டு அனுப்பியதைப் பார்த்துவிட்டேன் என்று காட்ட நீங்கள் 👍 தட்டினால், அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. "கிடைத்தது, முதலாளியிடம் கேட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுதுங்கள். அதேபோல உங்கள் புரொஃபார்மாவுக்கு அவர் 👍 மட்டும் அனுப்பினால், உற்பத்தியைத் தொடங்குமுன் எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்கிவிடுங்கள். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பழைய தலைமுறையினருக்கு அந்தக் கட்டை விரல் கெட்ட சைகை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜப்பான் மெயிலுக்கு இன்று மாலைக்குள் பதில் போட்டுவிடுங்கள். விலை தயாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிடைத்தது, எந்த நாளில் கொட்டேஷன் வரும் என்று இரண்டு வரி போதும், அந்த நாளைத் தவறவிடாதீர்கள். அவர் கையெழுத்தில் கேப்பிடலில் இருக்கும் பெயரை எடுத்து, பின்னால் "சான்" சேர்த்து விளியுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டாலும் அது பொருந்தும். கட்டியின் எடை, ஈ.சி. அளவு, ஒரு கன்டெய்னரில் எத்தனை டன் என்பதை அவர் கேட்ட அதே வரிசையில் கொடுங்கள்.